கார்டை வெட்டியாகிவிட்டது, கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது

வாசகர் கடிதம்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 61. என்னிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பல வருடம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன். பென்ஷன் காலத்தில் இது வேண்டாம் என்று முடிவு செய்து, மார்ச் 5ஆம் தேதி பில்லில் இருந்த 1,840 வெள்ளியையும் மார்ச் 22ஆம் தேதி ஒரே தடவையில் கட்டினேன். பேங்குக்குப் போன் செய்து கேன்சல் பண்ணச் சொன்னேன். "ஓகே அங்கிள், பண்ணியாச்சு" என்றது ஒரு பெண் குரல். அன்றைக்கே கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டேன்.

ஏப்ரல் பில்லில் 201 வெள்ளி 43 காசு என்று வந்தது. அதில் 186 வெள்ளி என் மெடிக்கல் கார்டு இன்ஷூரன்ஸ், மீதி வட்டியாம். தவறு அவர்களுடையது என்று கட்டாமல் விட்டேன். மே பில் 400 வெள்ளி 92 காசு! மகன் பெயரிலும் ஒரு துணை அட்டை உண்டு, ஜொகூரில் இருக்கிறான், அதை அவன் பயன்படுத்துவதே இல்லை. செப்டம்பரில் கார்டுக்கு ஆண்டு புதுப்பிப்பு வரும். கார்டு கொடுத்த வங்கிக்கு எங்கள் ஊரில் கிளை இல்லை, ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ஒரு கடிதம் போட்டால் முடிந்துவிடுமா? என் பேர் பிளாக்லிஸ்ட் ஆகிவிடுமா? எனக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருக்கிறது, அந்த இன்ஷூரன்ஸ் போய்விடக் கூடாது.

வழக்கறிஞர் பதில்

ஐயா, கடிதம் போட வேண்டும், ஆனால் இன்றைக்கே அல்ல. இன்று போட்டால் நீங்கள் கடைசி வரியில் பயப்படுவது நடந்துவிடலாம். கணக்கை மூடுவது கடைசி வேலை. அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன் உங்கள் பில்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வங்கி ஏமாற்றிவிட்டது என்ற எண்ணத்தோடு கடிதம் எழுதினால் அது சண்டைக் கடிதமாகிவிடும், வேலை நடக்காது.

அந்த 15 வெள்ளி 43 காசு எங்கிருந்து வந்தது

போன பில்லை முழுதாகக் கட்டியவருக்குத்தான் புதிதாக வாங்கிய பொருளுக்கு 20 நாள் வட்டியில்லாச் சலுகை உண்டு. குறைந்தபட்சம் மட்டும் கட்டி வந்தவருக்கு வட்டி நாள் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். மார்ச் 5ஆம் தேதி பில்லில் அச்சான 1,840 வெள்ளி அன்று வரைக்குமான கணக்கு. நீங்கள் கட்டியது 22ஆம் தேதி. இடையில் 17 நாள். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் 1,840 வெள்ளிக்கு ஒரு நாள் வட்டி 90 காசுக்குச் சற்று மேல். பதினேழு நாளுக்கு 15 வெள்ளி 43 காசு. சதம் பிசகாமல் ஏப்ரல் பில்லில் வந்த அதே தொகை. முழுவதும் கட்டிவிட்டேன் என்று நம்புகிறவர்களில் பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுதான். நான் இதை "வால் வட்டி" என்று சொல்வேன். தலை போன பிறகும் வால் ஆடும்.

மே பில்லையும் பாருங்கள். அந்த 15.43, இரண்டு மாத பிரிமியம் 186 வீதம் 372, ஏப்ரல் 25ஆம் தேதிக்குள் கட்டாததற்கு 10 வெள்ளி தாமதக் கட்டணம், முதல் பிரிமியத்துக்கு மூன்று வெள்ளி சொச்சம் வட்டி. தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது, 100 வெள்ளிக்கு மேல் போகாது. ஆக இந்த 400.92இல் வாதாட இடமுள்ளது அந்தப் பத்து வெள்ளியும் மூன்று வெள்ளியும்தான். பிரிமியத்துக்குப் பதிலாக உங்களுக்குக் காப்புறுதி ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மறுக்க முடியாது.

"பண்ணியாச்சு" என்ற அந்தப் போன் பேச்சுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். போனில் பெரும்பாலும் நடப்பது அட்டையை முடக்குவது. அட்டையை முடக்கினால் யாரும் அதை இயந்திரத்தில் தேய்க்க முடியாது, அவ்வளவுதான். கணக்கு அப்படியே இருக்கும், வட்டி ஓடும், முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தானியங்கிக் கட்டணங்கள் சில சமயம் நுழைந்துகொண்டே இருக்கும். "கேன்சல் கார்டு" என்று நீங்கள் சொன்னீர்கள், அவர்கள் கார்டைத்தான் கேன்சல் செய்தார்கள். கணக்கை மூடச் சொல்லவில்லை, அவர்களும் மூடவில்லை. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் என் மேசைக்கு வரும் இத்தகைய வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியிருக்கும்.

முதலில் இன்ஷூரன்ஸைக் கைமாற்றுங்கள்

இதில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். கார்டுக் கணக்கை மூடினால் அதிலிருந்து பிடிக்கும் கட்டணங்களும் தாமாக நின்று, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்குத் தகவல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் போகாது. காப்புறுதி நிறுவனம் வழக்கம்போல் 28ஆம் தேதி பணம் கேட்டு அனுப்பும், வங்கி மறுக்கும், பிரிமியம் கட்டப்படாமல் நிற்கும். பெரும்பாலான பாலிசிகளில் 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் பாலிசி காலாவதி.

காலாவதியான மருத்துவக் காப்புறுதியை உயிர்ப்பிக்கப் பணம் மட்டும் போதாது. உடல்நல அறிவிப்பு கேட்பார்கள். 61 வயதில், நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஏற்றாலும் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடக்கூடும். இங்கே பொதுவாக நோய்களுக்கு 30 நாள், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். 186 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் ஈப்போ தனியார் மருத்துவமனைப் பில்லைக் கையில் வாங்கிக்கொள்ளும் வழி இது.

எனவே இந்த வாரமே ஏஜென்டைக் கூப்பிட்டு, பிரிமியத்தைக் கார்டிலிருந்து எடுக்காமல் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கும்படி மாற்றும் பாரத்தைக் கேளுங்கள். "நான் பார்த்துக்கிறேன் அங்கிள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் திருப்தி அடையாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட பாரத்தின் நகலும், காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மாற்றத்தை உறுதி செய்யும் கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். அதுவும் போதாது. சேமிப்புக் கணக்கிலிருந்து முதல் தடவை 186 வெள்ளி வெளியே போனதைப் பேங்க் புத்தகத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை கார்டுக் கணக்கு மூடப்படக் கூடாது. மே 28ஆம் தேதி பிரிமியம் இன்னும் கார்டிலேயே விழக்கூடும். விழட்டும், தடுக்காதீர்கள், கட்டிவிடுங்கள்.

மகனின் துணை அட்டையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அவர் பயன்படுத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த வரைதான். மாதா மாதம் விழும் கட்டணம் பில்லில் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை விழுவது தெரியாது. கைப்பேசிப் படங்களைச் சேமித்து வைக்கும் சேவை, கார் பழுது உதவிச் சந்தா போன்றவை அக்டோபரிலோ டிசம்பரிலோ ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். அதனால் கடந்த 12 மாத பில்களையும் எடுத்து, இரண்டு அட்டை எண்களின் கீழும் வந்த ஒவ்வொரு வரியையும் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். தொலைவில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். இருப்பவற்றை அந்தந்த நிறுவனத்திடமே ரத்து செய்ய வேண்டும், வங்கியிடம் அல்ல. துணை அட்டையில் விழும் ஒவ்வொரு காசுக்கும் பொறுப்பு முதன்மை அட்டைக்காரரான நீங்கள்தான்.

பிறகு பணம், பிறகு கடிதம்

இப்போது 400.92ஐ மே 25ஆம் தேதிக்குள் கட்டுங்கள். ஒரு யோசனை: 410 வெள்ளியாகக் கட்டுங்கள். இம்முறையும் மே 5க்குப் பிறகு நீங்கள் கட்டும் நாள் வரைக்குமான வட்டி, சில வெள்ளி, ஜூன் பில்லில் எட்டிப் பார்க்கும். கூடுதலாகக் கட்டிய ஒன்பது வெள்ளி அதை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் இருந்தால் மூடும்போது திருப்பிக் கேட்கலாம். கட்டிய அன்றே வங்கியை அழைத்து, மார்ச்சில் நீங்கள் அழைத்த தேதியையும் நேரத்தையும் சொல்லி, அந்தப் பத்து வெள்ளி தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். செய்யாவிட்டால் அதற்காகப் பிடிவாதம் பிடித்து மொத்தத்தையும் கட்டாமல் விடாதீர்கள்.

நாள் கணக்கு இப்படிப் போகும். ஜூன் 5 பில்லில் மே மாதப் பிரிமியம் இருக்கும், கட்டுங்கள். ஜூன் 28ஆம் தேதி பிரிமியம் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்விட்டால், ஜூலை 5 பில்லில் புதிதாக ஒன்றும் இருக்கக் கூடாது. பூஜ்யம், அல்லது உங்கள் பக்கம் சில வெள்ளி மிச்சம். அந்தப் பில் கையில் வந்த அன்று கடிதத்தை எழுதுங்கள். செப்டம்பருக்கு முன் முடித்துவிடலாம். அது முக்கியம், ஏனென்றால் ஆண்டு நிறைவில் அரசாங்கச் சேவை வரி அட்டைக்கு 25 வெள்ளி விழும். துணை அட்டைக்கும் தனியாக 25. யாரும் தொடாத இரண்டு அட்டைக்கு ஐம்பது வெள்ளி.

கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள். தலைப்பில் கணக்கு மூடல் என்ற பொருள் வர வேண்டும். மலாயில் "பெனுதுப்பான் அக்காவுன்" என்று போடலாம், "கேன்சல் கார்டு" என்று போடாதீர்கள். உள்ளே இருக்க வேண்டியதைத் தமிழில் சொல்கிறேன்:

"மேற்கண்ட கிரெடிட் கார்டுக் கணக்கையும் அதன் துணை அட்டையையும் நிரந்தரமாக மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 5ஆம் தேதி பில்லின்படி நிலுவை ஏதும் இல்லை, நகல் இணைத்துள்ளேன். பில்லில் இன்னும் ஏறாத கட்டணமோ வட்டியோ தவணைத் திட்டமோ இருந்தால் மூடுவதற்கு முன் இறுதித் தொகையை எழுத்தில் தெரிவிக்கவும். கணக்கில் உள்ள என் மிச்சப் பணத்தைக் கீழ்க்கண்ட சேமிப்புக் கணக்கில் சேர்க்கவும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு எந்தப் புதிய கட்டணத்தையும் இந்தக் கணக்கில் ஏற்க வேண்டாம். கணக்கு மூடப்பட்ட தேதியையும், நிலுவை இல்லை என்பதையும், இரு அட்டைகளும் ரத்தானதையும் குறிப்பிட்டு உறுதிக் கடிதம் அனுப்பவும்."

தவணைத் திட்டம் என்று ஒரு சொல் அதில் இருப்பதைக் கவனித்தீர்களா? வட்டியில்லாத் தவணையில் ஃப்ரிட்ஜ், டிவி வாங்கியிருந்தால் மூடும் அன்று மீதித் தவணை முழுவதும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியதாகிவிடும். உங்கள் பில்லில் அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த வரி கிடக்கட்டும்.

அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதுங்கள். அட்டையின் பின்புறத்து மூன்று இலக்க எண், ரகசிய எண், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு எதுவும் எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது. முகவரியை உங்கள் பில்லில் அச்சான இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். "கணக்கை மூட இந்த லிங்க்கை அழுத்தவும்" என்று கைப்பேசியில் வருகிற எதையும் தொடாதீர்கள்.

ஈப்போவுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. போஸ்ட் ஆபிசில் பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதையும் கண்காணிப்பு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படமெடுத்து வங்கியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அனுப்பி, வழக்கு எண் கேட்டு வாங்குங்கள். எப்படியும் ஈப்போ போகிற வேலை இருந்தால் இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சாப் அடித்து வாங்கி வாருங்கள். நீதிமன்றத்தில் போன் பேச்சைவிட அந்தச் சாப்புக்குத்தான் மதிப்பு. ஒரு சிறு விஷயம்: பணம் கட்டிய இயந்திர ரசீது சூட்டுக் காகிதம், ஒரு வருடத்தில் எழுத்து மங்கிவிடும். என்னிடம் வந்த ஓர் அம்மாள் வெள்ளைத் தாள் கட்டு ஒன்றை மேசையில் பரப்பி, இதெல்லாம் ரசீது என்றார். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

வங்கி உங்களைத் திரும்ப அழைத்து, ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி, பரிசுப் புள்ளி கூடுதல் என்று ஏதாவது சொல்லித் தடுக்கப் பார்க்கும். அது அவர்கள் வேலை. வேண்டாம் என்று சொல்லி, கடிதப்படி நடக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் ஏதாவது சேர்ந்திருந்தால் கடிதம் போடுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், மூடிய பிறகு அவை போய்விடும்.

பிளாக்லிஸ்ட் பற்றி

பேங்க் நெகாராவில் "பிளாக்லிஸ்ட்" என்று ஒன்று கிடையாது. அங்கே இருப்பது சிசிரிஸ் என்னும் பதிவேடு. யாருக்கு எந்த வங்கியில் என்ன கடன், கடந்த 12 மாதத்தில் ஒவ்வொரு மாதமும் எத்தனை தவணை நிலுவையில் இருந்தது என்ற எண்கள் மட்டும் அதில் இருக்கும். கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்வது அந்தந்த வங்கி. ஏப்ரலில் நீங்கள் விட்டது அதில் ஒரு எண்ணாகப் பதிந்திருக்கலாம். இப்போது கட்டிவிட்டால் அது மேலும் ஏறாது, மாதங்கள் உருள உருளப் பன்னிரண்டு மாதக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். கார்டை மூடுவதால் பேர் கெடாது. சின்னத் தொகைதானே என்று மூடாமலும் கட்டாமலும் விடுவதுதான் கெடுக்கும். உங்கள் மகன் வீட்டுக் கடன் எடுக்கும்போது நீங்கள் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட நேர்ந்தால், அங்கே இந்தப் பதினைந்து வெள்ளி எழுந்து நிற்கும்.

உறுதிக் கடிதம் வந்து ஓரிரு மாதம் கழித்து, eccris.bnm.gov.my தளத்தில் உங்கள் அறிக்கையை மகனிடம் எடுக்கச் சொல்லுங்கள். இலவசம். வங்கிகள் மாதம் ஒரு முறை தகவல் அனுப்புவதால் உடனே பார்த்தால் பழையதே தெரியும். நிலுவைக் கடன்கள் பட்டியலில் அந்தக் கார்டு இருக்கக் கூடாது. இருந்தால் உறுதிக் கடிதத்தின் நகலை வைத்து வங்கியிடம் திருத்தச் சொல்லுங்கள்.

கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் அதே கடித நகலோடு வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கேயும் நகராவிட்டால் பேங்க் நெகாராவின் டெலிலிங்க் எண் 1-300-88-5465. வங்கி எழுத்தில் இறுதி முடிவு சொல்லி, அது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்கு ஆறு மாதத்துக்குள் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது, வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. 13 வெள்ளிக்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன். மூடிய பிறகும் பணம் கேட்டு வந்தால் போங்கள்.

உறுதிக் கடிதம், ஜூலை பில், ரசீது நகல்கள், அஞ்சல் ரசீது, காப்புறுதி மாற்றப் பாரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. அதனால் ஏழாவது ஆண்டு தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அந்தக் கோப்பைத் தூக்கிப் போடலாம், அதற்கு முன் வேண்டாம்.